தயிர்ச் சட்டியும் மனப்பதற்றமும்

மாத்தளை நகரிலிருந்து நாவுலையைக் கடந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் பயணம் செய்வோர் இரண்டு காட்சிகளைத் தவறாது காண்பர். ஒன்று, மாத்தளையைச் சூழ அமைந்துள்ள வாசனைத் திரவியத் தோட்டங்கள். அங்கே ஏலமும் மிளகும் காட்டப்படுவதோடு, இந்த எண்ணெய் மூட்டுவலிக்கு, அந்தச் சூரணம் நித்திரையின்மைக்கு என்ற விளக்கங்களும் கேட்கும். மற்றொன்று, வடக்கே வறண்ட நிலத்தை அண்டியதும் தெருவோரக் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் எருமைத் தயிர்ச் சட்டிகள். சிங்கள மக்கள் மீகிரி என அழைக்கும் இத்தயிர், கித்துள் பாணியோடு சேர்ந்தால் விருந்தாகி விடும்.

அண்மைக் காலத்தில் இத்தயிரைப் பற்றியும் ஒரு விளக்கம் பரவி வருகிறது. குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு. தயிரில் உள்ள நுண்ணங்கிகள் குடலைச் சீராக்கும். குடல் சீரானால் மனப்பதற்றம் நீங்கும். ஆகவே தயிர் உண்பவருக்கு மருந்து வேண்டியதில்லை என்பது அவ்விளக்கம். இதில் நான்கு கூற்றுகள் ஒரே சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. முதற் கூற்று உண்மை. இரண்டாவது ஓரளவு உண்மை. மூன்றாவது இன்னும் நிறுவப்படாதது. நான்காவது ஆபத்தானது. ஒரே மூச்சில் சொல்லப்படும்போது முதலாவதன் உண்மை கடைசிக் கூற்றுக்கும் ஒட்டிக்கொள்கிறது. இவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் சட்டிக்குள் நிகழ்வதைக் கவனிக்கலாம். எருமைப் பாலைக் காய்ச்சி, விரல் தாங்கும் இளஞ்சூட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 40 முதல் 45 பாகை செல்சியசு வரை ஆறவிட்டு, முந்திய நாட் தயிரிற் சிறிதளவை உறையாக இட்டு, மண்சட்டிகளில் ஊற்றி மூடி வைப்பார்கள். பால் அதிக சூடாயிருந்தால் உறையிலுள்ள பற்றீரியாக்கள் மடிந்து தயிர் உறையாது. முற்றாகக் குளிர்ந்திருந்தால் அவை மந்தமாகவே வேலை செய்யும். இளஞ்சூட்டிலோ அவை பாலிலுள்ள இலக்டோசு என்னும் வெல்லத்தை உண்டு இலக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. புளிப்பு ஏற ஏறப் பாலின் புரதம் திரண்டு தயிராகிறது. எருமைப் பாலில் கொழுப்பு மிகுதியாயிருப்பதாலும், மண்சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சிக் கொள்வதாலும் இத்தயிர் கத்தியால் வெட்டக்கூடிய கெட்டித் தன்மையைப் பெறுகிறது.

இங்கே ஒரு செய்தி முக்கியமானது. உறை வீட்டுக்கு வீடு வேறுபடும். நாவுலையில் ஒரு வீட்டின் சட்டியிலும் கலேவெலயில் மற்றொரு வீட்டின் சட்டியிலும் இருப்பவை ஒரே பெயருடைய பற்றீரியா இனங்களாக இருக்கலாம். ஆயினும் ஓர் இனத்துக்குள்ளேயே பல குலவகைகள் உண்டு. நெல் எல்லாம் நெல்லாயினும் சம்பாவின் இயல்பு வேறு, நாட்டரிசியின் இயல்பு வேறு என்பது போன்றது இது. ஓர் ஆய்வுகூடம் ஒரு குறிப்பிட்ட குலவகையைப் பரிசோதித்து ஒரு பயனைக் கண்டால், அந்தப் பயன் அந்தக் குலவகைக்கே உரியது. தெருவோரச் சட்டிக்கு அதை அப்படியே உரிமையாக்க இயலாது.

இனிக் குடலுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு. இது கற்பனையன்று. பரீட்சை மண்டபத்துக்குள் நுழையுமுன் வயிறு கலங்குவதை அனுபவியாத மாணவர் அரியர். மூளையின் அடித்தண்டிலிருந்து புறப்பட்டு, கழுத்து, நெஞ்சு வழியாக வயிறு வரை செல்லும் வேகசு என்னும் நரம்பு இத்தொடர்பின் பிரதான பாதை. இந்த நரம்பின் நார்களிற் பெரும்பாலானவை மூளையிலிருந்து கட்டளை கொண்டு செல்வனவல்ல. உடலுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு வருவன. ஆகவே குடலின் நிலை மனத்தைப் பாதிக்கக் கூடும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

ஆனால் இதே இடத்திற்றான் முதலாவது தவறான தாவலும் நிகழ்கிறது. உடலிலுள்ள செரோட்டோனினில் ஏறக்குறைய 90 வீதம் குடலில் உண்டாகிறது என்பது மெய். செரோட்டோனின் மனநிலையோடு தொடர்புடையது என்பதும் மெய். இவ்விரண்டையும் பொருத்தி, குடலைப் பேணினால் மூளைக்குச் செரோட்டோனின் பெருகும் என்று சொல்லிவிடுகிறார்கள். குடலில் உண்டாகும் செரோட்டோனின் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைக் கடந்து மூளைக்குட் செல்வதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக் கொள்கிறது. இரண்டு உண்மைகளை அடுத்தடுத்து வைத்தால் மூன்றாவது உண்மை தானாகப் பிறந்து விடாது.

புளித்த பாலைக் கொண்டு மனத்தைக் குணப்படுத்தும் எண்ணம் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிசு நகரின் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த மெச்னிகோவ் என்னும் அறிஞர், பல்கேரிய நாட்டுக் குடியானவர் நீண்ட காலம் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலே காரணமாயிருக்கலாம் என்று எழுதினார். அவருக்கு 1908ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசு வழங்கப்பட்டது நோயெதிர்ப்புப் பற்றிய அவரது ஆராய்ச்சிக்காகும். தயிரைப் பற்றிய கருத்துக்கன்று. எனினும் பரிசின் ஒளி தயிரின்மீதும் விழுந்தது. ஒரு துறையிற் பெற்ற புகழை மறு துறையிற் சான்றாகக் காட்டும் வழக்கம் அன்றும் இருந்தது.

1910ஆம் ஆண்டில் இலண்டன் பெத்லெம் ரோயல் வைத்தியசாலையைச் சேர்ந்த ஜோர்ஜ் போட்டர் பிலிப்ஸ் என்னும் வைத்தியர், கடுமையான மனச்சோர்வுற்ற 18 நோயாளருக்கு இலக்டிக் அமிலப் பற்றீரியாவைக் கொடுத்துப் பார்த்தார். 11 பேர் குணமடைந்தனர் என்றும் வேறு இருவர் நன்கு தேறினர் என்றும் அவர் எழுதினார். 18 பேரில் 13 பேர் என்பது கேட்பதற்குப் பெரிய வெற்றி. ஆயினும் இக்கணக்கில் ஒரு பகுதி இல்லை. இப்பற்றீரியாவை உண்ணாத 18 பேரில் எத்தனை பேர் அதே காலத்தில் தேறியிருப்பர் என்பதே அது. மனச்சோர்வும் மனப்பதற்றமும் கடலலை போல் ஏறி இறங்குவன. அலை உச்சத்தில் இருக்கும்போதே மக்கள் மருந்தைத் தேடுகிறார்கள். அதன்பின் அது இறங்குவதற்கே வாய்ப்பு அதிகம்.

இதனை மாத்தளையில் ஒரு வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு மாணவிக்கு நெஞ்சு படபடக்கிறது, நித்திரை வருவதில்லை, காலையுணவு இறங்குவதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அவளுடைய அம்மம்மா நாள்தோறும் ஒரு கிண்ணம் தயிர் கொடுக்கிறார். ஆறு வாரம் கழித்து அவள் நிம்மதியாக உறங்குகிறாள். தயிர் பலித்தது என்று வீடு முழுவதும் நம்புகிறது. ஆனால் இடையிற் பரீட்சை முடிந்து விட்டது. அம்மம்மா நாள்தோறும் பக்கத்தில் அமர்ந்து பரிவோடு பேசியிருக்கிறார். காலையில் எதுவுமே உண்ணாதிருந்தவள் ஏதோ ஒன்றை உண்டிருக்கிறாள். இவற்றுள் எது பலித்தது என்பதை அந்த ஒரு மாணவியைக் கொண்டு எவராலும் சொல்ல முடியாது. அதே வகுப்பில் தயிர் உண்ணாத மாணவியரும் பரீட்சை முடிந்ததும் தேறியிருந்தால், தயிரின் பங்கு இன்னும் ஐயத்துக்குரியதாகும். இக்காரணத்தினாலேயே ஆய்வாளர் திருவுளச்சீட்டுப் போட்டு மக்களை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு மெய்ப்பொருளையும் மறு கூட்டத்துக்கு அதைப் போலவே தோன்றும் வெற்றுப் பொருளையும் கொடுத்து, எவருக்கு எது கிடைத்தது என்பதை இறுதிவரை மறைத்து வைக்கிறார்கள்.

அத்தகைய சோதனைகள் சொல்வது என்ன? இதற்கு ஒரு பற்றீரியாவின் வரலாறு நல்ல பாடமாக அமைகிறது. அதன் பெயர் லக்டோபசிலஸ் ரம்னோசஸ், குலவகை ஜே.பி. 1. அயர்லாந்தின் கோர்க் பல்கலைக்கழக ஆய்வாளரும் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளரும் சேர்ந்து 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இப்பற்றீரியாவை 28 நாட்கள் சுண்டெலிகளுக்கு ஊட்டினார்கள். பின்னர் அச்சுண்டெலிகள் பல சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று, நிலத்திலிருந்து உயர்த்தி வைத்த சிலுவை வடிவப் பாதை. அதன் இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு; மற்ற இரண்டும் திறந்தவை. அச்சமுள்ள சுண்டெலி சுவருள்ள பக்கத்திலேயே பதுங்கும். பற்றீரியா உண்டவை திறந்த பக்கத்துக்கு அதிகமாக வந்தன. நெருக்கடி வேளையில் அவற்றின் இரத்தத்தில் ஏறும் ஓமோனும் குறைவாகவே ஏறியது. மற்றொரு தொகுதிச் சுண்டெலிகளுக்கு முன்னரே வேகசு நரம்பை வெட்டிவிட்டார்கள். அவற்றில் இந்த அமைதி தோன்றவில்லை. குடலிலிருந்து மூளைக்குச் செய்தி சென்ற பாதையே கையில் அகப்பட்டது போலாயிற்று. உலகப் பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதியதில் வியப்பில்லை.

அடுத்து அதே கோர்க் நகர ஆய்வாளர்கள் செய்த செயல் பாராட்டுக்குரியது. தங்கள் பற்றீரியாவைத் தாங்களே மனிதரிற் சோதித்தார்கள். ஆரோக்கியமான 29 ஆண்கள் நான்கு வாரம் ஜே.பி. 1 பற்றீரியா அடங்கிய உறைமாத்திரையையும், நான்கு வாரம் வெற்று மாத்திரையையும் உண்டார்கள். ஒரு நாளின் அளவு 100 கோடி பற்றீரியாக்கள். பிறர் கவனித்துக் கொண்டிருக்க மிகக் குளிர்ந்த நீரிற் கையை வைத்திருக்கச் செய்து அவர்களின் பதற்றத்தையும் ஓமோனையும் அளந்தார்கள். நினைவாற்றலையும் மூளையின் மின்னலைகளையும் அளந்தார்கள். 2017ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. வெற்று மாத்திரையை விடப் பற்றீரியா எவ்வகையிலும் மேலானதாகத் தெரியவில்லை. சுண்டெலியிற் கண்டது மனிதரிற் காணப்படவில்லை.

இதன் பொருளை அளவோடு கொள்ள வேண்டும். பங்குபற்றியோர் 29 பேர்தாம், எல்லோரும் ஆண்கள், மனப்பதற்ற நோய் இல்லாதவர்கள். தாகமில்லாதவனுக்கு நீர் கொடுத்துத் தாகம் தீர்ந்ததா என்று கேட்பது போன்ற குறை அச்சோதனையில் உண்டு. ஆகவே இந்தப் பற்றீரியா மனிதருக்கு ஒருபோதும் உதவாது என்று அது நிறுவவில்லை. உதவும் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை என்றே காட்டியது. சோதனைக்குத் தெரிவு செய்யப்பட்ட சுண்டெலிகள் இயல்பாகவே அச்சம் மிகுந்த குலத்தைச் சேர்ந்தவை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். சுண்டெலி திறந்த பாதையில் நடப்பதும், தேயிலைத் தோட்டத்தில் ஒரு தாய் கடன் நினைவால் உறக்கமிழப்பதும் ஒன்றல்ல.

புளித்த பாலையே கொண்டு செய்யப்பட்ட ஆய்வும் ஒன்றுண்டு. அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தினர் 2013ஆம் ஆண்டில் அதை வெளியிட்டனர். ஆரோக்கியமான பெண்களில் 12 பேர் குறிப்பிட்ட பற்றீரியாக்கள் சேர்ந்த புளித்த பாலை நாளுக்கு இரு முறையாக நான்கு வாரம் உண்டார்கள். 11 பேர் பற்றீரியா இல்லாத பாற்பொருளை உண்டார்கள். 13 பேருக்கு எதுவும் கொடுக்கப்படவில்லை. பின்னர், அச்சமும் கோபமும் காட்டும் முகப் படங்களை அவர்கள் பார்க்கும்போது மூளை எவ்வாறு இயங்குகிறது எனப் படம் பிடித்தார்கள். புளித்த பாலை உண்டவரின் மூளையிற் சில பகுதிகள் அப்படங்களுக்குக் குறைவாகவே துலங்கின.

மனிதர் உண்ணும் ஒரு பாலுணவு மூளையின் இயக்கத்தில் மாற்றம் ஏற்படுத்தலாம் என்பதற்கு இது குறிப்பிடத்தக்க சான்று. ஆனால் அளக்கப்பட்டது மூளைப் படத்தின் மாற்றம். மனப்பதற்றத்தால் வருந்திய ஒருவர் அதிலிருந்து மீண்டார் என்று அந்த ஆய்வு காட்டவில்லை. அத்தகைய நோயாளர் அதில் இடம்பெறவுமில்லை. ஆய்வின் செலவை ஏற்றது அப்பாற்பொருளை ஆக்கும் டனோன் கம்பனி என்பதையும் ஆய்வாளரே வெளிப்படையாக எழுதியுள்ளனர். கம்பனி பணம் கொடுத்தால் முடிவு பொய் என்று கொள்ள வேண்டியதில்லை. அதே முடிவை வேறொருவர் வேறு பணத்தில் மீண்டும் காணும்வரை பொறுத்திருப்பது முறை.

ஒவ்வொரு சோதனையும் சிறிதாயிருக்கும்போது பலவற்றை ஒன்று சேர்த்து நிறுத்துப் பார்ப்பது வழக்கம். 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு இத்தகைய 34 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. பற்றீரியாக்களை உண்டவரிடம் மனப்பதற்றம் சற்றுக் குறைந்ததாகத் தெரிந்தது. எவ்வளவு குறைவு என்பதை இவ்வாறு விளக்கலாம். பற்றீரியா உண்டவர் ஒருவரையும் வெற்றுப் பொருள் உண்டவர் ஒருவரையும் எடுத்து ஒப்பிடுவதை 100 தடவை செய்தால், ஏறக்குறைய 53 தடவை பற்றீரியா உண்டவர் அமைதி கூடியவராயிருப்பார். பயன் எதுவுமே இல்லாவிடினும் தற்செயலாகவே 50 தடவை அவ்வாறு இருக்கும். எஞ்சும் வித்தியாசம் 3.

அதே தொகுப்பாய்வு, குடற் பற்றீரியாக்களுக்கு உணவாகும் நார்ப்பொருள்களைத் தனியே பிரித்தெடுத்துக் கொடுத்த சோதனைகளையும் பார்த்தது. அவை வெற்றுப் பொருளினின்றும் வேறுபடவில்லை. இதைக் கேட்டு நார்ப்பொருள் வீண் என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. குரக்கன், கௌபி, கொள்ளு, பலாக்கொட்டை, முருங்கையிலை, வல்லாரை முதலியவற்றின் நார் சிறுகுடலிற் சமிக்காது பெருங்குடலை அடைகிறது. அங்குள்ள பற்றீரியாக்கள் அதை நொதிக்கச் செய்து சில சிறிய கொழுப்பமிலங்களை ஆக்குகின்றன. அவற்றுள் ஒன்றாகிய பியூற்றிரிக் அமிலம் பெருங்குடற் சுவரின் கலங்களுக்கு நேரடி உணவாகிறது. மலச்சிக்கல் நீங்குவதும், இரத்தத்தின் வெல்லமும் கொழுப்பும் கட்டுப்படுவதும் நார்ப்பொருளின் நன்கு நிறுவப்பட்ட பயன்கள். வளர்ந்தவர் நாளொன்றுக்கு 25 கிராம் நாரேனும் உண்ண வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுவது இவற்றுக்காகவே. மனப்பதற்றத்தைத் தீர்ப்பது அப்பட்டியலில் இல்லை. உண்பதற்குப் போதிய காரணம் இருக்கையில் இல்லாத காரணத்தைச் சேர்க்க வேண்டியதில்லை.

நார்ப்பொருளைத் திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும், வாயு சேரும். மனப்பதற்றம் உடையவருக்கு அவ்வுப்புதலே நெஞ்சு நோயோ என்ற புதிய அச்சத்தைத் தரக்கூடும். ஆகவே சிறிது சிறிதாக, நீரும் சேர்த்துக் கூட்டுவது நல்லது. தோசையும் ஆப்பமும் புளித்த மாவில் ஆனவையாயினும் கல்லின் சூட்டில் அவற்றின் பற்றீரியாக்கள் மடிந்து விடுகின்றன. கொதிக்க வைத்த மோர்க்குழம்பும் அவ்வாறே. உயிருள்ள பற்றீரியாவை வேண்டுவோருக்குத் தயிரும் மோரும் சூடாக்காதபோதே அதைத் தரும். அத்தயிரிலும் கித்துள் பாணியை அளவின்றி ஊற்றினால், நீரிழிவு உள்ளவருக்கு நன்மையை விடத் தீமையே மிகும்.

புளித்த உணவை அதிகம் உண்பவருக்குப் பதற்றம் குறைவு என்று சொல்லும் கணக்கெடுப்புகளும் உண்டு. 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 710 பல்கலைக்கழக மாணவரிடம் அவ்வாறு வினவப்பட்டது. இயல்பாகவே கவலை மிகுந்த மாணவருள், புளித்த உணவை அதிகம் உண்டோருக்குச் சபைக் கூச்சம் குறைவாயிருந்தது. ஆயினும் பதற்றம் பசியைக் கெடுக்கும்; கூச்சமுடையவர் புதிய உணவுகளை நாடுவதும் குறைவு. உணவு மனத்தை மாற்றியதா, மனம் உணவை மாற்றியதா என்பதை இத்தகைய கணக்கெடுப்பு தீர்மானிக்காது. அவ்வாய்வாளரும் தக்க சோதனை வேண்டும் என்றே கூறினர்.

இவையனைத்தையும் கூட்டிப் பார்த்தால், தயிர் ஒரு நல்ல உணவு. புரதமும் கல்சியமும் தருவது. பாலைக் குடித்தால் வயிறு கலங்கும் பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்கிறது. குடற் பற்றீரியாக்கள் மனத்தோடு தொடர்புடையவை என்ற ஆராய்ச்சி தொடர்கிறது; நாளை ஒரு குறிப்பிட்ட குலவகை ஒரு குறிப்பிட்ட நோயாளருக்கு உதவுவதாக நிறுவப்படலாம். அதுவரை தயிருக்கு உணவின் இடமே உரியது. மருந்தின் இடம் உரியதன்று.

இவ்வேறுபாட்டில் ஒரு மனிதரின் வாழ்வே தங்கியிருக்கலாம். ஆறு மாதத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களிற் கவலையை அடக்க இயலாதிருத்தல், நித்திரை கெடுதல், வேலைக்கோ பாடசாலைக்கோ போக அஞ்சுதல் ஆகியன பதகளிப்பு நோயின் அடையாளங்கள். இதற்கு நன்கு சோதிக்கப்பட்ட இரு வழிகள் உண்டு. ஒன்று, எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாகத் திருத்தும் உளச் சிகிச்சை. மற்றொன்று, வைத்தியர் தரும் மருந்து. அம்மருந்து பலன் தரச் சில வாரங்கள் செல்லும். அந்தச் சில வாரங்களிலேதான் அயலவர் ஒருவர் தயிரின் பெருமையைச் சொல்ல, நோயாளி மாத்திரையை நிறுத்திவிடுகிறார். திடீரென நிறுத்துவதால் தலைச்சுற்றும் படபடப்பும் தோன்றி, நோய் முன்னிலும் மோசமானதாக அவர் அஞ்சுகிறார். தயிரை உண்டுகொண்டே மாத்திரையையும் தொடர்வதற்குப் பொதுவாகத் தடை எதுவுமில்லை. நிறுத்துவதாயின் வைத்தியரிடம் கேட்டுப் படிப்படியாகவே நிறுத்த வேண்டும். வயிற்றுக் கோளாறோடு உடல் மெலிதலோ மலத்தில் இரத்தமோ காணப்பட்டால், அதை மனத்தின் மேற் சுமத்தாது உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலைகளின் மனநலச் சிகிச்சை நிலையங்கள் கட்டணமின்றியே நோயாளரைப் பார்க்கின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் உதவி கேட்கலாம். அங்கு செல்லத் தயங்கும் ஒருவருக்கு ஒரு கிண்ணம் தயிரை அன்போடு கொடுத்து, அவரோடு கூடவே வைத்தியசாலை வரை செல்பவர், அவருக்கு இரண்டு நன்மைகளைச் செய்தவராவார்.